சம்பளப் பதிவில் எது செலவு, எது கடன்?

மாதச் சம்பளத்துக்கான கணக்குப் பதிவு இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. இந்த மாதம் ஆட்களை வைத்து வேலை வாங்கியதில் நிறுவனத்துக்கு ஆன மொத்தச் செலவு எவ்வளவு என்பது முதல் கேள்வி. அந்தத் தொகை யார் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கான விடை பற்றுப் பக்கத்திலும், இரண்டாவதற்கான விடை வரவுப் பக்கத்திலும் எழுதப்படுகின்றன. ஊழியரின் கைக்குப் போகும் பணம், வருங்கால வைப்பு நிதி அமைப்புக்குப் போகும் பணம், வருமான வரித் துறைக்குப் போகும் பணம் என்று வரவுப் பக்கம் பிரிந்து நிற்கும். பணம் உண்மையில் கட்டப்படும் நாள் வரை இவை எல்லாமே நிறுவனம் பிறருக்குத் தர வேண்டிய கடன்கள்தாம். அதனால்தான் கணக்கேட்டில் இவற்றின் பெயர்கள் எல்லாம் ‘கொடுபட வேண்டிய’ என்று தொடங்குகின்றன.

வங்கியிலிருந்து பணம் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இந்தப் பதிவைத் தவிர்க்கும் சிறு நிறுவனங்கள் உண்டு. அவற்றின் ஏட்டில் கைக்குப் போன சம்பளம் ஒரு செலவாகவும், அடுத்த மாதம் கட்டிய பி.எஃப். இன்னொரு செலவாகவும் ஏறும். ஊழியரின் பணம் எது, நிறுவனத்தின் செலவு எது என்பது அங்கே கலந்துவிடும். ஒரு மாதக் கணக்கைத் தொகைகளோடு போட்டுப் பார்த்தால் இது தெளிவாகும்.

25 பேர் வேலை செய்யும் பட்டறை

கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பட்டறையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாதம் 2025 ஜூலை. மேலாளர் ஒருவர், அலுவலகத்தில் நான்கு பேர், இயந்திரங்களில் 20 தொழிலாளர்கள், ஆக மொத்தம் 25 பேர். வேலை செய்வோர் 20 பேரை எட்டிவிட்டால் பி.எஃப். பொதுவாகக் கட்டாயம் என்பதால் இந்தப் பட்டறை அதற்குள் வருகிறது.

தொழிலாளி ஒருவரின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000, வீட்டு வாடகைப்படி 5,000. அலுவலக ஊழியர் ஒருவருக்கு மொத்தம் 40,000, மேலாளருக்கு 1,25,000. இவர்களுடைய அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாயைத் தாண்டியது. 25 பேரின் மொத்தச் சம்பளத்தைக் கூட்டினால் 6,85,000 ரூபாய் வருகிறது. யார் கையிலும் இந்தத் தொகை முழுதாகப் போவதில்லை. ஆனாலும் பதிவு தொடங்க வேண்டியது இதிலிருந்துதான். ஊழியர் உழைத்துச் சம்பாதித்தது இவ்வளவு. அதிலிருந்து பிடிப்பதெல்லாம் அவருடைய பணத்திலிருந்து அவருக்காகப் பிடிப்பது.

ஊழியர் பக்கத்துப் பிடித்தங்கள்

பி.எஃப். பிடித்தம் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 விழுக்காடு. வீட்டு வாடகைப்படி இந்தக் கணக்கில் சேராது. 2014 செப்டம்பர் முதல் இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதற்கு மேல் வாங்குவோருக்கு முழுச் சம்பளத்தில் கணக்கிடுவதும் உண்டு, 15,000-த்தோடு நிறுத்திக்கொள்வதும் உண்டு. இந்தப் பட்டறை நிறுத்திக்கொள்கிறது. ஆகவே மேலாளர் முதல் தொழிலாளி வரை ஒவ்வொருவரிடமும் பிடிப்பது ஒரே தொகை, 1,800 ரூபாய். 25 பேருக்கு 45,000.

மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ.யும் உண்டு. இங்கே வீட்டு வாடகைப்படியும் கணக்கில் சேரும் என்பதால் 20,000 ரூபாய் முழுவதற்கும் 0.75 விழுக்காடு பிடிக்க வேண்டும். ஆளுக்கு 150 ரூபாய். 20 தொழிலாளர்களுக்கு 3,000.

டி.டி.எஸ். மட்டும் வேறு முறையில் வருகிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டும் அந்தந்த மாதச் சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்று போடப்படுபவை. வரியோ ஆண்டுக் கணக்கு. ஊழியர் அந்த நிதியாண்டு முழுவதும் வாங்கப்போகும் சம்பளத்தை மதிப்பிட்டு, அதற்கான வரியைக் கண்டுபிடித்து, மாதங்களுக்குப் பங்கிட்டுப் பிடிக்க வேண்டும்.

மேலாளரின் ஆண்டுச் சம்பளம் 15,00,000. அவர் புதிய வரி முறையில் இருக்கிறார். நிலையான கழிவு 75,000 போக வரிக்குரிய வருமானம் 14,25,000. 2025-26ஆம் நிதியாண்டின் விகிதப்படி முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்த 4 லட்சத்துக்கு 5 விழுக்காடு வீதம் 20,000. அதற்கடுத்த 4 லட்சத்துக்கு 10 விழுக்காடு வீதம் 40,000. மிச்சமுள்ள 2,25,000-க்கு 15 விழுக்காடு வீதம் 33,750. கூட்டினால் 93,750. அதன் மேல் 4 விழுக்காடு செஸ் 3,750 சேர்த்து ஆண்டு வரி 97,500 ரூபாய். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 8,125.

மற்ற 24 பேருக்கும் டி.டி.எஸ். இல்லை. புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் தள்ளுபடியால் வரி பூச்சியமாகிவிடுகிறது. மாதம் 40,000 வாங்குவோரின் ஆண்டுச் சம்பளம் 4,80,000-தான்.

எல்லாப் பிடித்தமும் போக ஒரு தொழிலாளி கையில் வாங்குவது 18,050, அலுவலக ஊழியர் 38,200, மேலாளர் 1,15,075. 25 பேருக்கும் சேர்த்து நிகரச் சம்பளம் 6,28,875 ரூபாய். ஜூலை 31 அன்று எழுதும் முதல் பதிவு இது:

| கணக்கு | பற்று (ரூ.) | வரவு (ரூ.) |
|---|---|---|
| சம்பளச் செலவு | 6,85,000 | |
| கொடுபட வேண்டிய பி.எஃப். – ஊழியர் பங்கு | | 45,000 |
| கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ. – ஊழியர் பங்கு | | 3,000 |
| கொடுபட வேண்டிய டி.டி.எஸ். – சம்பளம் | | 8,125 |
| கொடுபட வேண்டிய சம்பளம் | | 6,28,875 |

செலவு ஒரே வரிதான். பிடித்தங்கள் எதுவும் தனிச் செலவாக வரவில்லை. ஊழியரின் 45,000 ரூபாய் பி.எஃப். ஏற்கெனவே 6,85,000-க்குள் இருக்கிறது. அதை மறுபடியும் பி.எஃப். செலவு என்று பற்று வைத்தால் ஒரே பணம் இரண்டு முறை செலவாகிவிடும்.

நிறுவனத்தின் பங்கு

இரண்டாவது பதிவில் வருவது நிறுவனம் தன் கையிலிருந்து போடும் பணம். பி.எஃப்.-க்கு ஊழியர் தரும் அதே 12 விழுக்காட்டை நிறுவனமும் தர வேண்டும். ஆனால் அந்தப் பணம் முழுவதும் ஊழியரின் பி.எஃப். கணக்குக்குப் போவதில்லை. 15,000 ரூபாயில் 8.33 விழுக்காடு, அதாவது 1,250 ரூபாய், ஓய்வூதியத் திட்டத்துக்குப் போகிறது. மீதி 550 ரூபாய்தான் பி.எஃப். கணக்கில் ஏறும். பாஸ்புக்கில் தன் பங்கு 1,800 என்றும் நிறுவனத்தின் பங்கு 550 என்றும் பார்த்துவிட்டு, நிறுவனம் குறைத்துக் கட்டுகிறது என்று நினைக்கும் ஊழியர்கள் உண்டு. 1,250 அதே பாஸ்புக்கில் ஓய்வூதியப் பத்தியில் தனியாக இருக்கும்.

எல்லாருக்கும் இந்தப் பிரிவினை பொருந்தாது. 2014 செப்டம்பர் 1-க்குப் பிறகு, 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட அடிப்படைச் சம்பளத்தோடு முதன்முதலாக பி.எஃப்.-இல் சேர்ந்தவர்கள் ஓய்வூதியத் திட்டத்தில் சேர முடியாது. அவர்களுக்கு நிறுவனத்தின் பங்கு முழுவதும் பி.எஃப்.-க்கே போகும். இந்தப் பட்டறையில் அப்படி யாரும் இல்லை என்று கொள்ளலாம். இருந்தாலும் நிறுவனத்தின் மொத்தச் செலவு மாறாது; சலானில் பணம் பிரியும் விதம்தான் மாறும்.

12 விழுக்காட்டோடு நிறுவனத்தின் பொறுப்பு முடிவதில்லை. ஊழியர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்குத் தொகை தரும் இ.டி.எல்.ஐ. காப்பீட்டுக்கு அரை விழுக்காடு, பி.எஃப். அமைப்பின் நிர்வாகக் கட்டணமாக அரை விழுக்காடு என்று இன்னும் இரண்டு உண்டு. ஆளுக்கு 75 ரூபாய் வீதம் இரண்டுமே 1,875 ரூபாய் வருகின்றன. இ.எஸ்.ஐ.யில் நிறுவனத்தின் பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி ஒருவருக்கு 650 வீதம் 13,000.

| கணக்கு | பற்று (ரூ.) | வரவு (ரூ.) |
|---|---|---|
| பி.எஃப்., ஓய்வூதியப் பங்களிப்புச் செலவு | 45,000 | |
| இ.டி.எல்.ஐ. செலவு | 1,875 | |
| பி.எஃப். நிர்வாகக் கட்டணம் | 1,875 | |
| இ.எஸ்.ஐ. பங்களிப்புச் செலவு | 13,000 | |
| கொடுபட வேண்டிய பி.எஃப். – நிறுவனப் பங்கு | | 48,750 |
| கொடுபட வேண்டிய இ.எஸ்.ஐ. – நிறுவனப் பங்கு | | 13,000 |

இந்தப் பதிவில் சம்பளக் கணக்கு வரவே இல்லை. 61,750 ரூபாயும் ஊழியரின் சம்பளத்துக்கு மேலான செலவு. இரண்டு பதிவுகளையும் சேர்த்தால் ஜூலை மாதத்துக்கான மொத்தச் செலவு 7,46,750. 20,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவரால் நிறுவனத்துக்கு உண்மையில் ஆவது 22,600. அவர் கையில் வாங்குவது 18,050. இடையிலுள்ள 4,550 ரூபாயும் கொடுபட வேண்டிய கணக்குகள் வழியாக அரசு அமைப்புகளுக்குப் போகிறது.

வேலைக்கு எடுக்கும்போது சி.டி.சி. என்று பேசி முடிக்கும் இடங்களில் இங்கேதான் குழப்பம் வரும். சி.டி.சி. என்பது நிறுவனத்தின் மொத்தச் செலவு. அதற்குள் நிறுவனத்தின் பி.எஃப். பங்கும் அடங்கியிருக்கும். அந்தத் தொகையை அப்படியே மொத்தச் சம்பளமாகப் பற்று வைத்துவிட்டு, நிறுவனத்தின் பங்கையும் ஊழியரின் பிடித்தங்களோடு கழித்துக் காட்டுவது தவறு. நிறுவனத்தின் பங்கை ஊழியர் சம்பளத்திலிருந்து பிடிக்கக்கூடாது என்பது பி.எஃப். திட்டத்தின் விதி. சி.டி.சி.யிலிருந்து நிறுவனத்தின் பங்கை முதலில் நீக்கி, மீதியையே மொத்தச் சம்பளமாக ஏட்டில் எழுத வேண்டும்.

பணம் கட்டும் நாட்கள்

ஜூலை 31-ஆம் தேதி மாலையில் பட்டறையின் ஏட்டில் நான்கு வகைக் கடன்கள் நிற்கின்றன. ஊழியர்களுக்கு 6,28,875, பி.எஃப். அமைப்புக்கு 93,750, இ.எஸ்.ஐ. கழகத்துக்கு 16,000, வருமான வரித் துறைக்கு 8,125. கூட்டினால் அதே 7,46,750. இனி வரும் பதிவுகளில் எல்லாம் கொடுபட வேண்டிய கணக்குக்குப் பற்று, வங்கிக்கு வரவு. செலவுக் கணக்கு எதையும் தொட வேண்டியதில்லை.

சம்பளம் அன்றே வங்கி வழியாகப் போனால் முதல் கடன் தீர்ந்துவிடும். டி.டி.எஸ். ஆகஸ்ட் 7-க்குள் கட்ட வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கடைசி நாள் ஆகஸ்ட் 15. அது சுதந்திர தின விடுமுறை என்பதால் ஜூலைக் கணக்கை 14-ஆம் தேதியோ அதற்கு முன்போ முடித்துவிடுவதே பத்திரம்.

டி.டி.எஸ்.-இன் கெடு சம்பளம் எந்த மாதத்துக்கு உரியது என்பதைப் பொறுத்து ஓடுவதில்லை. சம்பளம் கையில் கொடுத்த நாளைப் பொறுத்தே ஓடுகிறது. இந்தப் பட்டறை ஜூலைச் சம்பளத்தை ஆகஸ்ட் 5-ஆம் தேதி கொடுத்திருந்தால் வரி பிடித்த மாதம் ஆகஸ்ட். கட்ட வேண்டிய நாள் செப்டம்பர் 7. பி.எஃப். அப்படியில்லை. சம்பளம் என்று கொடுத்தாலும் ஜூலைக்கான பி.எஃப். ஆகஸ்ட் 15-க்குள் போயாக வேண்டும். கையில் பணமில்லாமல் சம்பளத்தைத் தள்ளிப்போடும் நிறுவனங்கள் பி.எஃப்.-ஐயும் சேர்த்துத் தள்ளிப்போடலாம் என்று எண்ணிச் சிக்கிக்கொள்வது இதனால்தான். மார்ச் மாதத்தில் பிடித்த டி.டி.எஸ்.-க்கு மட்டும் ஏப்ரல் 30 வரை அவகாசம் உண்டு.

பி.எஃப். சலானில் 93,750 ரூபாய் ஒரே தொகையாகக் கட்டப்பட்டாலும் உள்ளே அது நான்கு கணக்குகளாகப் பிரிகிறது. 1-ஆம் எண் கணக்கு பி.எஃப்.; ஊழியரின் 45,000, நிறுவனத்தின் 13,750 சேர்ந்து 58,750. 2-ஆம் எண் நிர்வாகக் கட்டணம் 1,875. 10-ஆம் எண் ஓய்வூதியம் 31,250. 21-ஆம் எண் இ.டி.எல்.ஐ. 1,875. ஏட்டிலுள்ள தொகையை இந்தச் சலானோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

ஒப்பிடும்போது சில ரூபாய் இடிப்பது வழக்கம். காரணம் பெரும்பாலும் முழு ரூபாயாக்கும் முறைதான். 25 பேரின் பி.எஃப். சம்பளம் 3,75,000; அதில் 8.33 விழுக்காடு 31,237 ரூபாய் 50 காசு. சலானிலோ 31,250 இருக்கும். ஒவ்வொருவருக்கும் 1,249 ரூபாய் 50 காசு என்பது 1,250 ஆக்கப்பட்ட பிறகே கூட்டப்படுகிறது. மொத்தத்தின் மேல் விழுக்காடு போட்டுப் பதிவெழுதினால் மாதந்தோறும் 12 ரூபாய் 50 காசு ஏட்டில் தொங்கும். ஆள்வாரியாகக் கணக்கிட்ட சம்பளப் பட்டியலின் கூட்டுத்தொகையையே பதிவில் எழுத வேண்டும்.

இருப்பே தவறைக் காட்டும்

கொடுபட வேண்டிய கணக்குகளால் கிடைக்கும் பெரிய வசதி, அவற்றின் இருப்பைப் பார்த்தே தவறைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது. விதி எளிமையானது. மாதக் கடைசியில் இருப்பு அந்த மாதப் பிடித்தமும் பங்களிப்பும் மட்டுமாக இருக்க வேண்டும். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குப் பிறகு, புதிய மாதத்துக்கான பதிவு ஏறும் வரை, இருப்பு பூச்சியமாக இருக்க வேண்டும்.

பணம் கட்டிய பிறகு கொடுபட வேண்டிய பி.எஃப். கணக்கு 48,750 ரூபாய் பற்று இருப்புக் காட்டினால், இரண்டாவது பதிவை எழுதவே இல்லை என்று பொருள். சலானில் இரு பங்கும் போயிருக்கிறது. கடனாக ஏறியது ஊழியரின் பங்கு மட்டும். பற்று இருப்பு 1,875 என்றால் நிர்வாகக் கட்டணமோ இ.டி.எல்.ஐ.யோ விட்டுப்போயிருக்கிறது. இப்படிப் பற்று இருப்பு வந்தால் ஏட்டைத் திருத்தினால் போதும்.

வரவு இருப்பு மிஞ்சி நின்றால் கவலை அதிகம். ஊழியர் பங்கில் 1,800, நிறுவனப் பங்கில் 1,950, ஆக 3,750 ரூபாய் மிஞ்சியிருந்தால், ஒருவரிடம் பிடித்த பணம் அவர் பெயரில் கட்டப்படவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு யு.ஏ.என். எண் உருவாகாமல் மாதாந்தர விவரப் பட்டியலில் அவர் பெயர் விட்டுப்போனதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். சம்பளச் சீட்டில் பிடித்தம் இருக்கும், பாஸ்புக்கில் இருக்காது. அந்த ஊழியர் கேள்வி கேட்பதற்கு முன்பே ஏட்டின் இருப்பு இதைச் சொல்லிவிடும்.

நிகரச் சம்பளத்தை மட்டும் செலவாக எழுதும் நிறுவனத்தின் ஏட்டில் இந்தச் சோதனை எதையும் செய்ய முடியாது. அங்கே ஜூலைச் செலவு 6,28,875 என்று நிற்கும். 1,17,875 ரூபாய் குறைவு. ஆகஸ்டில் கட்டும் பி.எஃப். 93,750 முழுவதும் நிறுவனத்தின் பங்களிப்பு போலத் தோன்றும். உண்மையில் அதில் நிறுவனத்தினுடையது 48,750 மட்டுமே. ஆண்டின் நடுவே ஒரு மாதக் குறை அடுத்த மாதம் சரியாவது போலத் தெரியும். மார்ச் 31 அன்று அது மறையாது. இருப்புநிலைக் குறிப்பில் ஒரு மாதக் கடன் காணாமல் போகும். அந்த அளவுக்குக் கடன் குறைவாகத் தெரியும்.

டி.டி.எஸ்.-இல் தவறு வேறு விதமாக வரும். ஏப்ரலில் போட்ட 8,125-ஐ மார்ச் வரை அப்படியே பிடித்துக்கொண்டு போவது பலர் செய்வது. அக்டோபரில் மேலாளருக்குத் தீபாவளி போனஸ் 60,000 ரூபாய் கொடுத்தால் அவருடைய வரிக்குரிய வருமானம் 14,85,000 ஆகிவிடும். கூடுதல் வரி 9,000, செஸ் 360, ஆக 9,360 ரூபாய். இதை அக்டோபர் முதல் மார்ச் வரை ஆறு மாதங்களுக்குப் பங்கிட்டால் மாதம் 1,560 கூடி, பிடித்தம் 9,685 ஆக வேண்டும். மார்ச்சில்தான் கண்டுபிடித்தால் 9,360 ரூபாயும் அந்த ஒரு மாதச் சம்பளத்தில் விழும்.

ஒரே சலான், இரண்டு பங்கு

பி.எஃப். பணம் ஒரே சலானில்தான் போகிறது. அப்படியிருக்க ஏட்டில் ஊழியர் பங்குக்கும் நிறுவனப் பங்குக்கும் தனித்தனிக் கணக்கு எதற்கு என்று கேட்கலாம். தாமதமாகும்போதுதான் அதன் அவசியம் தெரியும்.

இரண்டு பங்குக்கும் பொதுவான தண்டம் உண்டு. தாமதித்த நாட்களுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியோடு, 2024 ஜூன் முதல் மாதத்துக்கு 1 விழுக்காடு வீதம் இழப்பீட்டுத் தொகையும் விதிக்கப்படலாம். வருமான வரிக் கணக்கில்தான் இரண்டு பங்கும் பிரிகின்றன. 2025-26 நிதியாண்டு வரைக்கும் பொருந்தும் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி, ஊழியரிடம் பிடித்த பங்கு நிறுவனத்தின் வருமானமாகவே முதலில் கருதப்படும். பி.எஃப். கெடுவுக்குள் கட்டினால்தான் அதைக் கழித்துக்கொள்ள முடியும். ஒரு நாள் தாமதமானாலும் அந்தத் தொகைக்கு நிறுவனம் வரி கட்ட வேண்டும். பிறகு கட்டினாலும் கழிவு கிடைக்காது. இதில் நீதிமன்றங்கள் வெவ்வேறு தீர்ப்புச் சொல்லிவந்த நிலையில், 2022 அக்டோபரில் செக்மேட் சர்வீசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாக்கியது. நிறுவனத்தின் சொந்தப் பங்குக்கு இவ்வளவு கடுமை இல்லை. வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் கட்டிவிட்டால் அந்த ஆண்டின் செலவாகவே ஏற்கப்படும்.

இந்தப் பட்டறை ஜூலைக்கான பி.எஃப்.-ஐ ஆகஸ்ட் 20-ஆம் தேதி கட்டியதாக வைத்துக்கொண்டால், ஊழியர் பங்கான 45,000 ரூபாய் கழிவை நிறுவனம் இழக்கும். 48,750-க்கு அந்த இழப்பு இல்லை. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுவைத்திருந்தால் ஆண்டு முடிவில் தணிக்கையாளர் பன்னிரண்டு மாதச் சம்பளப் பட்டியலையும் புரட்டித்தான் இதைப் பிரித்தெடுக்க முடியும். சட்டம் இப்படி வேறுபாடு காட்டுவதற்கான காரணம் பதிவிலேயே இருக்கிறது. 48,750 நிறுவனத்தின் செலவு. 45,000 ஊழியரின் பணம். நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டு, கட்டும் வரை கையிருப்பில் இருப்பது. பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பதைக் குற்றவியல் சட்டமும் நம்பிக்கை மோசடியாகவே பார்க்கிறது.

டி.டி.எஸ்.-உம் அதே வகைப் பணம்தான். பிடித்த வரியைத் தாமதமாகக் கட்டினால் பிடித்த நாள் முதல் மாதம் ஒன்றரை விழுக்காடு வட்டி. மாதத்தின் ஒரு பகுதியும் முழு மாதமாகவே எண்ணப்படும். ஜூலை 31 அன்று பிடித்த 8,125 ரூபாயை ஆகஸ்ட் 8 அன்று கட்டினால் தாமதம் ஒரு நாள்தான். வரித் துறையின் கணக்கிலோ ஜூலை ஒன்று, ஆகஸ்ட் ஒன்று என இரண்டு மாதம் ஆகிவிடும். வட்டி ஏறத்தாழ 243 ரூபாய். இந்த வட்டியைக் கொடுபட வேண்டிய டி.டி.எஸ். கணக்கில் பற்று வைக்கக்கூடாது. அது ஊழியரிடம் பிடித்ததல்ல, நிறுவனத்தின் தாமதத்துக்கான தனிச் செலவு. பி.எஃப். வட்டிக்கும் இழப்பீட்டுக்கும் இதே முறைதான்.

பேரேட்டின் அமைப்பு

கணினியில் கணக்கெழுதுவோர் இந்தக் கணக்குகளைத் தொடக்கத்திலேயே பிரித்துத் திறந்துவைத்தால் மாதாந்தர வேலை குறையும். டேலியில் `Salary Payable`, `EPF Payable - Employee`, `EPF Payable - Employer`, `ESI Payable`, `TDS Payable - Salary` என்று கணக்குகளைத் திறந்து, எல்லாவற்றையும் `Current Liabilities` தொகுதிக்குள் வைக்கலாம், டி.டி.எஸ். கணக்கை அதன் உட்பிரிவான `Duties & Taxes` தொகுதியில் வைப்பது வழக்கம். ஒப்பந்தக்காரர்களுக்கும் வாடகைக்கும் பிடிக்கும் டி.டி.எஸ்.-ஐச் சம்பள டி.டி.எஸ்.-ஓடு கலக்கக்கூடாது. 2025-26க்கான சம்பள டி.டி.எஸ். காலாண்டு அறிக்கை 24க்யூ படிவத்தில் போகிறது. மற்றவை வேறு படிவத்தில். கலந்துவிட்டால் காலாண்டு முடிவில் தொகை இடிக்கும்.

விகிதங்களும் வரம்புகளும் காலத்துக்குக் காலம் மாறுபவை. இங்கே சொன்னவை 2025 ஜூலைக்குப் பொருந்துபவை. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவங்களும் வேறு. ஆனால் விகிதம் எப்படி மாறினாலும் பதிவின் அமைப்பு மாறாது. மொத்தச் சம்பளமும் நிறுவனத்தின் பங்களிப்பும் மட்டுமே செலவு; ஊழியருக்கும் அரசு அமைப்புகளுக்கும் போக வேண்டிய ஒவ்வொரு ரூபாயும் கட்டும் நாள் வரை தனித்தனிப் பெயரில் நிற்கும் கடன்.